ஸ்டென்ட் வைத்த அப்பா, கேஸ் மாத்திரை, குளோபிடோக்ரல்: எதை நிறுத்துவது?

தஞ்சை மகள் | 3 ஜூன் 2023, இரவு 9:12

அப்பாவுக்கு 63 வயது. பிப்ரவரி 20ஆம் தேதி ஹார்ட் அட்டாக் வந்து, அன்றிரவே ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் நெஞ்செரிச்சல் என்று தெருமுனை மருந்துக்கடையில் சொல்லி ஒரு கேஸ் மாத்திரை வாங்கி வந்தார். காலையில் வெறும் வயிற்றில் தினம் ஒன்று போடுகிறார். அவருக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் புண் வந்து ரத்தம் போனது உண்டு, அதனால் எரிச்சல் என்றாலே பயம்.

இப்போது பக்கத்து வீட்டு மாமா வந்து, "கேஸ் மாத்திரையும் இந்தக் குளோபிடோக்ரல் மாத்திரையும் சேர்ந்தால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மையா? அடுத்த செக்கப் ஜூலையில்தான்.

மருந்தாளர், திருச்சி | 3 ஜூன், 9:38

கேஸ் மாத்திரை என்று கடையில் கொடுப்பதில் பல வகை உண்டு. எல்லாமே குளோபிடோக்ரலோடு மோதுவதில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் வேண்டாம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டுக் கொடுத்திருந்தால் கடைக்கே போன் செய்து கேளுங்கள்.

சேலத்துக்காரன் | 3 ஜூன், 9:51

மாமா சொன்னது சரிதான், மோதும். ஆனால் சுலபமான வழி இருக்கிறது. கேஸ் மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு, குளோபிடோக்ரலை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் போதும். 12 மணி நேரம் இடைவெளி விழுந்தால் ஒன்றை ஒன்று தொடாது. என் மாமனாருக்கு இரண்டு வருஷமாக இப்படித்தான் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

தஞ்சை மகள் | 3 ஜூன், 10:04

அட்டையில் ஓமெப்ரசோல் 20, டாம்பெரிடோன் 10 என்று இருக்கிறது.

இன்னொன்று. இப்போதுதான் அம்மா சொல்கிறார். மாமா பேசிவிட்டுப் போனது வியாழக்கிழமை காலை. இரண்டில் ஒன்றை விடவேண்டும் என்றால், எரிச்சலுக்கு மாத்திரை இல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லி, அப்பா அன்றிலிருந்து குளோபிடோக்ரலைத்தான் விட்டிருக்கிறார். வியாழன், வெள்ளி, இன்று. மூன்று நாள். ஆஸ்பிரின் மட்டும் போட்டிருக்கிறார்.

மருந்தாளர், திருச்சி | 3 ஜூன், 10:07

அம்மா, மற்றப் பேச்சு எல்லாம் நாளைக்கு. இப்போது செய்யவேண்டியது இது.

டிஸ்சார்ஜ் சீட்டில் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண் இருக்கும். இந்த நிமிஷமே கூப்பிடுங்கள். "பிப்ரவரி 20 ஸ்டென்ட், அட்டாக்கோடு வந்தவர், குளோபிடோக்ரல் மூன்று நாள் விட்டுப்போய்விட்டது, ஆஸ்பிரின் ஓடுகிறது" என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். வழக்கமான 75 ஒன்றை இப்போதே கொடுத்துவிடுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட நீங்களாக இரண்டு மூன்று சேர்த்துக் கொடுக்கவேண்டாம். கூட்டிக் கொடுக்கவேண்டுமா என்பது அவர்கள் முடிவு.

அப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது இடது கையில் வலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்வை, மூச்சு வாங்குவது, இதில் ஏதாவது இருந்தால் போன் பேசிக்கொண்டிருக்காதீர்கள், நேரே 108. எரிச்சல் என்று அவர் சொன்னால்கூட நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் அட்டாக்கின்போது என்ன சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள்.

தஞ்சை மகள் | 3 ஜூன், 10:41

போன் எடுத்தார்கள். வலி எதுவும் இல்லை என்றதும், ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் முதல் ஆளாக அழைத்து வரச் சொன்னார்கள். முதல் அட்டாக்கையும் "கேஸ்" என்றுதான் சொன்னார் ஐயா. சோடா குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்திருந்தார்.

ராணிப்பேட்டை அம்மா | 4 ஜூன், காலை 6:20

என் கணவருக்கும் ரத்தத்தை இளக்குகிற மாத்திரைதான். வால்வு ஆபரேஷன் ஆனவர். மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்கள். கீரை அதிகம் சாப்பிடக் கூடாது. நீங்களும் அப்பாவுக்கு ஐஎன்ஆர் பாருங்கள், அளவு சரியாக இருந்தால் கவலை வேண்டாம்.

மருந்தாளர், திருச்சி | 4 ஜூன், காலை 7:15

அம்மா, உங்கள் வீட்டு மாத்திரை வேறு. வால்வுக்குக் கொடுப்பது, கல்லீரல் உண்டாக்கும் உறைவுப் பொருட்களைக் குறைக்கிற மருந்து. கீரைக் கணக்கு, ஐஎன்ஆர் கணக்கு எல்லாம் அதற்கு. குளோபிடோக்ரல், ரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் தட்டணுக்களின் மேல் வேலை செய்கிறது. அதை ஐஎன்ஆர் காட்டாது. நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. இரண்டையும் "ரத்தத்தை இளக்குகிற மாத்திரை" என்று ஒரே பெயரால் கூப்பிடுவதால் நிறைய வீடுகளில் இந்தக் குழப்பம் வருகிறது. தஞ்சை மகளே, அப்பாவுக்குக் கீரை தாராளமாகப் போடலாம்.

தஞ்சை மகள் | 4 ஜூன், மதியம் 1:30

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஈசிஜி பழையபடியே இருக்கிறது என்றார்கள். ரத்தப் பரிசோதனையும் சரி. அங்கேயே குளோபிடோக்ரல் 300, அதாவது 75இல் நான்கு மாத்திரை ஒரே சமயத்தில் கொடுத்தார்கள். நாளையிலிருந்து வழக்கம்போல ஒன்று. ஓமெப்ரசோலை நிறுத்திவிட்டுப் பான்டோபிரசோல் 40 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவைத் திட்டவில்லை, "பயந்துபோய் இதை விடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்" என்றார் டாக்டர்.

எனக்குப் புரியாதது இரண்டு. மாமா சொன்னதில் பாதி உண்மைதானே, அப்படியானால் அந்தப் பாதி என்ன? மூன்றே நாளுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

மருந்தாளர், திருச்சி | 4 ஜூன், இரவு 8:55

முதல் கேள்வி.

குளோபிடோக்ரல் அட்டையில் இருக்கும் நிலையில் எந்த வேலையும் செய்யாது. வயிற்றுக்குள் போனதில் பெரும்பகுதி, ஏறக்குறைய 85 சதவீதம், பயனில்லாமல் உடைந்து போய்விடும். மிச்சத்தைத்தான் கல்லீரல் இரண்டு படிகளில் மாற்றி, வேலை செய்யும் மருந்தாக்குகிறது. அந்த மாற்றத்தில் முக்கியமான பங்கு ஒரு நொதிக்கு உண்டு. சிஒய்பி2சி19 என்று பெயர். பெயரை மறந்துவிடுங்கள், நெல்லைக் குத்துகிற உரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓமெப்ரசோலும் அதே உரலுக்குத்தான் வருகிறது. வந்து குத்துப்பட்டுப் போவதோடு நில்லாமல் உரலையே கெடுத்துவிட்டுப் போகிறது. அதன் பிறகு வரும் குளோபிடோக்ரலில் குறைவாகத்தான் அரிசியாகும்.

சேலத்து நண்பருக்கு: இடைவெளி விடுவது ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது. வயிற்றில் இரண்டு மாத்திரையும் சந்தித்துக்கொள்வதுதான் பிரச்சினை என்றால் நீங்கள் சொன்ன வழி சரி. இரும்புச் சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் அப்படித்தான் பிரித்துக் கொடுக்கிறோம். இங்கே மோதல் கல்லீரலில். கெட்ட நொதிக்குப் பதில் உடம்பு புதிதாகச் செய்துகொள்ளவேண்டும், அதற்குள் அடுத்த ஓமெப்ரசோல் வந்துவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009 நவம்பரில் எச்சரிக்கை விட்டபோதே, 12 மணி நேரம் தள்ளிப் போட்டாலும் பயனில்லை என்று எழுதியது. உங்கள் மாமனாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அது இடைவெளியால் வந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த முறை போகும்போது மாற்றித் தரக் கேளுங்கள்.

எசோமெப்ரசோலும் ஓமெப்ரசோலின் உடன்பிறப்புதான், அதே குணம். பான்டோபிரசோல் அந்த உரலை அதிகம் தொந்தரவு செய்வதில்லை, அதனால்தான் இதய வார்டுகளில் அதையே பெரும்பாலும் எழுதுகிறார்கள். ரபெப்ரசோலும் அப்படியே. ஃபாமோடிடின் வேறு குடும்பம், மோதாது. ஆனால் அதே குடும்பத்துச் சிமெடிடின் மோதும்.

இரண்டாவது கேள்விக்கு நாளை வருகிறேன். அது எனக்குச் சுலபமான கேள்வி இல்லை.

மருந்தாளர், திருச்சி | 5 ஜூன், இரவு 9:20

குளோபிடோக்ரல் ஒரு தட்டணுவைப் பிடித்தால் அந்தத் தட்டணு சாகும்வரை பிடி விடாது. ஒரு தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். மாத்திரையை நிறுத்தினால் பழைய தட்டணுக்கள் அப்படியேதான் இருக்கும், ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து தினமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புதிதாக வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பிடிக்க ஆள் இல்லை. ஐந்து நாளில் ஒட்டும் சக்தி ஏறக்குறைய திரும்பிவிடும். ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்தச் சொல்வது அதனால்தான். திரும்ப ஆரம்பிக்கும்போது வெறும் 75 என்றால் முழுப் பலன் வர மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். அப்பாவுக்கு 300 கொடுத்தது அந்த நாட்களைச் சில மணி நேரமாகச் சுருக்கத்தான்.

ஸ்டென்ட் என்பது உலோக வலை. ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். போகப்போக உடம்பு அதன் மேல் மெல்லிய தோல் போர்த்திக்கொள்ளும். மருந்து தடவிய ஸ்டென்டில் அந்தத் தோல் மெதுவாகத்தான் வளரும். ஏனென்றால் மறுபடி சதை வளர்ந்து அடைக்காமலிருக்கத்தான் மருந்தே தடவியிருக்கிறார்கள். அதுவரை வெறும் உலோகத்தின் மேல் தட்டணுக்கள் போய் ஒட்டாமல் காப்பது இந்த இரண்டு மாத்திரைகள்தான்.

இப்போது என் அண்ணன்.

2014இல் அவருக்கு 58 வயது. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரே கேப்சூலில் இருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது வாரம் கடைவாய்ப்பல் வலி. பல் கிளினிக்கில் "ரத்த மாத்திரை போடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு கேப்சூலை நிறுத்தினார், இரண்டு மருந்தும் நின்றது. அது அவருக்கும் தெரியாது, கிளினிக்கிலும் அட்டையைப் பார்க்கவில்லை. பல்லைப் பிடுங்கினார்கள். எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் வாய் ஆறட்டும் என்று காத்திருந்தார். ஒன்பதாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு அண்ணி போன் செய்தார்.

திரும்ப ஆஞ்சியோ செய்தபோது ஸ்டென்ட் முழுக்க ரத்தக்கட்டி. எடுத்துவிட்டார்கள், பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் பம்ப் சக்தி 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதற்கு முன் வயலில் நின்று வேலை பார்த்தவர், இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காருகிறார். நான் மருத்துவமனை மருந்தகத்தில் இருபது வருஷம் நின்றவன். பல் பிடுங்கப்போகிறேன் என்று அண்ணன் முந்தின வாரம் என்னிடம் போனில் சொன்னார். மாத்திரையை என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தலைப்பில் யார் என்ன எழுதினாலும் நான் வந்து நிற்பதற்குக் காரணம் அதுதான்.

சேலத்துக்காரன் | 5 ஜூன், 10:02

ஐயா, மாமனார் அட்டையைப் பார்த்தேன். எசோமெப்ரசோல் 40. நாளைக்கே போகிறோம். அண்ணனைப் படித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வார்டு டாக்டர் | 7 ஜூன், இரவு 11:48

இதயப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன். மருந்தாளர் ஐயா எழுதியதில் பெரும்பாலானது சரி. இரண்டு இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

ஒன்று, ஓமெப்ரசோல் குளோபிடோக்ரலின் அளவைக் குறைக்கிறது என்பது ரத்தப் பரிசோதனையில் தெளிவாகத் தெரிகிறது. அதனால் அட்டாக் கூடுகிறதா என்பது அவ்வளவு தெளிவில்லை. 2010இல் வெளிவந்த கோஜென்ட் ஆய்வில் 3,700 பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் குளோபிடோக்ரலோடு ஓமெப்ரசோல் 20, மற்றவர்களுக்குக் குளோபிடோக்ரலோடு வெற்று மாத்திரை. ஆறு மாதத்தில் வயிற்று ரத்தக்கசிவு போன்ற சிக்கல்கள் 2.9 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்தன. இதயச் சிக்கல்களில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆய்வை நடத்திய நிறுவனத்திடம் பணம் தீர்ந்து பாதியிலேயே நின்றுபோனதால், சின்ன வித்தியாசம் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. அதனால் எங்கள் வழக்கம் இதுதான்: மோதாத மாத்திரை கையில் இருக்கும்போது மோதுகிறதை எதற்கு எழுதவேண்டும்? ஆனால் ஓமெப்ரசோல் போட்டுவிட்டோமே என்று யாரும் நடுங்கவேண்டியதில்லை.

இரண்டு, எல்லோருடைய உரலும் ஒன்றுபோல் இல்லை. நம் மக்களில் கணிசமானவர்களுக்கு அந்த நொதி பிறவியிலேயே மெதுவானது. அப்பா அம்மா இரு பக்கமிருந்தும் மெதுவானதே வந்திருந்தால் குளோபிடோக்ரல் சரியாக வேலை செய்யாது. அதற்கு 2010இல் தனியாக எச்சரிக்கை வந்தது. அவர்களுக்கு டிகாக்ரலார் போன்ற மாற்று மருந்து உண்டு, அது இந்த நொதியை நம்பி இல்லை. ஆனால் தினம் இரண்டு வேளை, சிலருக்கு மூச்சு வாங்குகிற உணர்வு வரும், ரத்தக்கசிவும் கொஞ்சம் கூடுதல்.

தஞ்சை மகள் | 8 ஜூன், காலை 7:05

அப்படியானால் அப்பாவுக்கு அந்த மரபணுப் பரிசோதனை செய்யவேண்டுமா டாக்டர்?

வார்டு டாக்டர் | 8 ஜூன், இரவு 10:30

எங்கள் வார்டிலேயே இதில் ஒத்த கருத்து இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஸ்டென்ட் அடைத்தவர்களுக்கு எங்கள் பேராசிரியர் செய்யச் சொல்கிறார். எல்லோருக்கும் செய்யவேண்டும் என்கிற இன்னொரு மருத்துவரும் அங்கேயே இருக்கிறார். அப்பாவுக்கு மூன்றரை மாதம் சிக்கல் இல்லாமல் ஓடியிருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நான் அவரைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மருந்தாளர், திருச்சி | 9 ஜூன், இரவு 9:10

டாக்டர் சொன்னபிறகு நான் 4ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். இரண்டு திருத்தம்.

"உரலையே கெடுத்துவிட்டுப் போகிறது" என்றது கொஞ்சம் அதிகம். 2009 எச்சரிக்கைக்கு அடிப்படையான ஆய்வில், வேலை செய்யும் மருந்தின் அளவு ஏறக்குறைய 45 சதவீதம் இறங்கியது உண்மை. ஆனால் அங்கே கொடுத்தது தினம் 80 மில்லிகிராம் ஓமெப்ரசோல். அப்பா போட்டது 20. உரல் மந்தமாகும் என்று எழுதியிருக்கவேண்டும்.

அடுத்தது, ரபெப்ரசோலைப் பான்டோபிரசோலோடு "அப்படியே" என்று ஒரே தட்டில் வைத்தேன். மோதல் குறைவு என்பது சரி, ஆனால் பான்டோபிரசோலுக்கு இருக்கும் அளவு ஆதாரம் அதற்கு இல்லை. வாய்ப்பு இருந்தால் பான்டோபிரசோல்தான் என் கை போகும் இடம்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. மாமா சொன்ன ஆபத்து, ஓமெப்ரசோலால் வரும் ஆபத்து, இருக்கிறதா இல்லையா என்று பெரிய ஆய்வே தடுமாறுகிறது. அப்பா அதற்குப் பயந்து செய்த காரியத்தின் ஆபத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. 2006இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அட்டாக் வந்து மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 500 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒருவர் முதல் மாதத்திலேயே குளோபிடோக்ரல் வகை மாத்திரையை விட்டுவிட்டார்கள். அடுத்த பதினொரு மாதத்தில் விட்டவர்களில் 7.5 சதவீதம் பேர் இறந்தார்கள், தொடர்ந்தவர்களில் 0.7. மருந்தகத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்திருந்தேன்.

வார்டு டாக்டர் | 10 ஜூன், காலை 6:40

அந்த எண்கள் சரி ஐயா. ஒரு குறிப்பு மட்டும்: விட்டவர்களில் வயதானவர்களும் வேறு நோய் உள்ளவர்களும் அதிகம் இருந்தார்கள். அந்தப் பத்து மடங்கு முழுவதையும் மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. அப்போதைய ஸ்டென்டும் பழைய தலைமுறை, இப்போதைய ஸ்டென்டில் தோல் சீக்கிரம் வளர்கிறது. அதற்காக முதல் மாதங்களில் நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை.

மருந்தாளர், திருச்சி | 10 ஜூன், காலை 8:00

ஒப்புக்கொள்கிறேன்.

ராணிப்பேட்டை அம்மா | 12 ஜூன், மாலை 5:15

என் தம்பிக்கும் ஸ்டென்ட் இருக்கிறது, நீங்கள் எழுதியதைப் படித்துக்காட்டினேன். கை காலில் நீலநீலமாகத் தடம் விழுகிறது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறானாம். ஷேவ் செய்தால் ரத்தம் நிற்க நேரமாகிறதாம். இதற்கு என்ன செய்வது? மலமும் இரண்டு நாளாகக் கறுப்பாகப் போகிறது என்கிறான், அது இரும்பு டானிக்கால் என்று நான் சொன்னேன்.

மருந்தாளர், திருச்சி | 12 ஜூன், மாலை 5:22

நீலத் தடமும் ஷேவிங் ரத்தமும் தொந்தரவு, ஆபத்து இல்லை. அதற்காக ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவதுதான் ஆபத்து. ஆனால் கறுப்பு மலத்தை டானிக் கணக்கில் விடாதீர்கள். தார்போல ஒட்டிக்கொண்டு, நாற்றத்தோடு போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். தலைசுற்றல், களைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்றே அழைத்துப்போய் ஹீமோகுளோபின் பார்க்கவேண்டும். மாத்திரை அட்டைகளையும் கையில் கொண்டு போங்கள். ரத்தக்கசிவு என்று தெரிந்தால் எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். தம்பி கேஸ் மாத்திரை ஏதாவது போடுகிறாரா?

ராணிப்பேட்டை அம்மா | 13 ஜூன், இரவு 8:40

போடவில்லையாம். "மோதும்" என்று யாரோ சொன்னதால் மூன்று மாதம் முன்பே அவனாக விட்டுவிட்டான். ஹீமோகுளோபின் 8.1. சேர்த்துவிட்டார்கள். நாளைக்கு எண்டோஸ்கோபி. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் என்ன செய்வதென்று இதய டாக்டரைக் கேட்டுத்தான் சொல்வார்களாம். கட்டாயம் எழுதுகிறேன்.

மருந்தாளர், திருச்சி | 13 ஜூன், இரவு 9:30

தஞ்சை அப்பா இதயத்தைக் காக்கிற மாத்திரையை விட்டார், இந்தத் தம்பி வயிற்றைக் காக்கிற மாத்திரையை விட்டார். கேட்ட சொல் ஒன்றுதான். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து ஓடும்போது, புண் வந்த வயிறு என்றாலோ, வயது 65 தாண்டினாலோ, வலி மாத்திரையும் சேர்த்துப் போட்டாலோ, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை அவசியம் வேண்டும். மோதுகிறது என்று கேள்விப்பட்டால் கேட்கவேண்டிய கேள்வி "எதற்கு மாற்றுவது?" என்பதுதான். தம்பி நலமாக வரட்டும் அம்மா.

தஞ்சை மகள் | 11 ஆகஸ்ட் 2023, மாலை 6:10

திரும்ப வந்திருக்கிறேன். அப்பா நலம். எரிச்சல் குறைந்துவிட்டது. ஆனால் கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்து வீங்கிவிட்டது, எடுத்தே ஆகவேண்டுமாம். மருந்தாளர் ஐயா அண்ணன் நினைவு வந்து எனக்குக் கை நடுங்குகிறது. பல் டாக்டர் "ஹார்ட் டாக்டரிடம் நிறுத்தலாம் என்று எழுதி வாங்கி வாருங்கள்" என்கிறார். ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பல் டாக்டர், மதுரை | 11 ஆகஸ்ட், இரவு 8:25

ஒரு பல்லை எடுக்க இரண்டு மாத்திரையில் எதையும் நிறுத்தவேண்டியதில்லை. ரத்தம் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கசியும், ஆனால் வாயில் கசிகிற ரத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்டுக்குள் உறைகிற ரத்தத்தை அப்படிச் செய்ய முடியாது.

நான் செய்வது இது. காலை முதல் ஆளாக வரச் சொல்வேன், சாயங்காலம்வரை ஏதாவது என்றால் நான் கிளினிக்கில் இருப்பேன். ஒரு தடவைக்கு ஒரு பல், கூடினால் இரண்டு. எடுத்த குழியில் ரத்தத்தை நிறுத்தும் பஞ்சை வைத்துத் தையல் போடுவேன். அரை மணி நேரம் பஞ்சைக் கடித்தபடி என் கண்ணெதிரே உட்காரவைத்து, கசிவு நின்றதைப் பார்த்துத்தான் அனுப்புவேன். டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சும் உதவும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், அப்பாவின் வயிற்றுக்கு அது வினை.

உங்கள் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "நிறுத்தலாமா?" என்று கேட்டால் சிலர் பழக்கத்தில் தலையாட்டிவிடுவார்கள். "நிறுத்தாமல் எடுக்கப்போகிறோம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேளுங்கள்.

மருந்தாளர், திருச்சி | 11 ஆகஸ்ட், இரவு 9:00

இந்தக் கடைசி வரியை 2014இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

தஞ்சை மகள் | 19 ஆகஸ்ட், இரவு 7:45

எடுத்தாகிவிட்டது. இதய டாக்டர் இரண்டு மாத்திரையும் ஓடட்டும் என்று எழுதியே கொடுத்தார். மூன்று தையல். அன்று முழுக்க எச்சில் இளஞ்சிவப்பாக இருந்தது, இரவு பத்து மணிக்குத் தலையணையில் கொஞ்சம் ரத்தம். பல் டாக்டர் சொன்னபடி பஞ்சை மடித்து இருபது நிமிஷம் கடிக்க வைத்தோம், நின்றுவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கமான மாத்திரைகளைப் போட்டார்.

பிப்ரவரி 20 வந்தால் ஒரு வருஷம். அதற்குப் பிறகு குளோபிடோக்ரலை நிறுத்துவதா தொடர்வதா என்று அப்பா இப்போதே கேட்கிறார்.

வார்டு டாக்டர் | 19 ஆகஸ்ட், இரவு 11:20

அட்டாக்கோடு வந்தவர்களுக்கு ஒரு வருஷம் என்பது வழக்கமான கணக்கு. வலி இல்லாமல் தேதி குறித்து வைத்துக்கொண்ட ஸ்டென்டுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். ரத்தக்கசிவு பயம் அதிகம் இருந்தால் இன்னும் குறைப்பார்கள், அடைப்பு பயம் அதிகம் இருந்தால் ஒரு வருஷத்தைத் தாண்டியும் ஓட்டுவார்கள். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு காரணம் இருக்கிறது: ஒரு பக்கம் பழைய புண், மறு பக்கம் அட்டாக். அந்த அறையில் உட்கார்ந்துதான் முடிவு செய்யவேண்டும். ஆஸ்பிரின் மட்டும் பொதுவாக அதற்குப் பிறகும் தொடரும்.

தஞ்சை மகள் | 20 ஆகஸ்ட், காலை 6:55

சரி டாக்டர். சமையலறைக் காலண்டரில் தை மாதம்வரைதான் தாள் இருக்கிறது. கடைசித் தாளின் பின்பக்கம் "மாசி: டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது" என்று அப்பாவே எழுதி ஒட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமாவுக்கும் காட்டினாராம்.

ராணிப்பேட்டை அம்மா, உங்கள் தம்பி எப்படி இருக்கிறார்? நீங்கள் எழுதவே இல்லையே.